கார்டு மட்டும் வந்தால்

திருப்பூரில் பனியன் யூனிட் நடத்தும் ஒருவர், நூல் வியாபாரி ஒருவரின் விசிட்டிங் கார்டைப் படம் பிடித்து, ஆபீஸைக் கவனிக்கும் தம்பி மகனுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை. நம்பரைப் பதிந்து வைக்கச் சொல்கிறாரா, ஆள் சரியானவரா என்று பார்க்கச் சொல்கிறாரா, நம்மை அறிமுகப்படுத்தி மெசேஜ் போடச் சொல்கிறாரா?

எதை ஊகித்தால் பிறகு சரிசெய்ய முடியும் என்று பார்த்தால் வழி தெரியும். பதிந்த நம்பரை அழித்துவிடலாம். விசாரித்துப் பார்த்தது வெளியே தெரியாது. ஆனால் மெசேஜ் மூன்றாவது ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடும். பெரியவர் விலை பேசிக்கொண்டிருக்கும்போது இடையில் நம் மெசேஜ் போனால் பேரமே கெடும். அதனால் முதல் இரண்டையும் கேட்காமலே செய்யலாம்; மூன்றாவதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

பதியும்போது பெயரோடு ஊர், சரக்கு, யார் தந்த கார்டு என்பதையும் சேருங்கள். வெறும் பெயர் ஆறு மாதம் கழித்து உதவாது.

சரிபார்க்க கார்டில் உள்ள ஜிஎஸ்டி எண்ணே போதுமான தொடக்கம். அதில் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து, அதாவது மொத்தத்தில் ஆறாவது இடம், பதிவு யார் பெயரில் என்று காட்டும்: கம்பெனிக்கு C, பங்குதாரர் நிறுவனத்துக்கு F, தனி ஆளுக்கு P. கார்டில் 'பிரைவேட் லிமிடெட்' என்று இருந்து, ஆறாவது இடத்தில் P இருந்தால் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. பிறகு gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் எண்ணைக் கொடுத்தால் சட்டப்படியான பெயர், வியாபாரப் பெயர், பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்பதெல்லாம் வரும்.

எல்லாம் பொருந்தினாலும் முழுதாக நம்பிவிட முடியாது. நல்ல நிறுவனத்தின் எண்ணைத் தன் கார்டில் எவரும் அச்சடித்துக்கொள்ளலாம். எண் உண்மையா என்பதைத்தான் தளம் சொல்லும், கார்டு தந்தவர் அந்த நிறுவனத்து ஆள்தானா என்பதைச் சொல்லாது. அதற்குக் கார்டில் உள்ள நம்பரை அழைத்துப் பயனில்லை. அதே நிறுவனத்திடம் முன்பு சரக்கு எடுத்தவரிடம் பழைய பில் இருக்கும். அதிலுள்ள நம்பரை அழைத்துக் கேட்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்குள் இது முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு தம்பி மகன் அனுப்பும் பதில் சின்னது: "பெரியப்பா, நம்பர் பதிஞ்சுட்டேனுங்க. ஜிஎஸ்டி நடப்புல இருக்குதுங்க, பேரும் ஒத்துப்போகுது. 30-ஆம் நம்பர் நூலுக்கு ரேட் கேட்டு மெசேஜ் போடட்டுங்களா, இல்ல நீங்களே பேசறீங்களா?"