விடுப்பில் இருப்பவருக்காகப் பதில் சொல்லும் மடல்

அலுவலக விடுப்பில் போகிறவர்கள் பெரும்பாலும் மின்னஞ்சலில் ஒரே வாசகத்தைத்தான் தானியங்கிப் பதிலாக வைத்துவிட்டுப் போகிறார்கள்: "நான் விடுப்பில் இருக்கிறேன். திரும்பியதும் பதில் அளிக்கிறேன்." மடல் அனுப்பியவருக்கு இதனால் பயன் ஏதும் இல்லை. தன் வேலையை இப்போது யார் பார்ப்பார், நேரில் பேச வேண்டியதை எப்போது பேசலாம் என்ற இரண்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டும்.

சென்னையில் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2026 பொங்கலுக்கு ஜனவரி 13 செவ்வாய் முதல் 20 செவ்வாய் வரை அவர் ஊரில் இருக்கப்போகிறார். அவருக்கு வரும் மடல்கள் மூன்று வகை. சப்ளையர்கள் பில் பணம் கேட்பார்கள். கிடங்கில் சரக்கு குறைந்தால் புகார் வரும். ஜெர்மனியில் இருக்கும் ஓர் இயந்திர நிறுவனம் விலை பேச நேரம் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே சக ஊழியரின் பெயரைக் கொடுத்தால், தனக்கு அதிகாரமே இல்லாத விலைப் பேச்சுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே வகை பிரித்து எழுத வேண்டும்:

"வணக்கம். ஜனவரி 13 முதல் 20 வரை விடுப்பில் இருக்கிறேன். இந்த நாட்களில் மின்னஞ்சல் பார்க்க மாட்டேன். பில், பணம் தொடர்பாக accounts@example.com முகவரிக்கும், சரக்குக் குறைபாட்டுக்கு stores@example.com முகவரிக்கும் எழுதுங்கள். 15 முதல் 18 வரை அலுவலகம் மூடியிருக்கும். அந்த நாட்களில் எழுதினால் 19 திங்கள் முதல் பதில் கிடைக்கும். விலை பற்றி நான் வந்த பிறகே பேச முடியும். ஜனவரி 23 வெள்ளி அல்லது 27 செவ்வாய், இந்திய நேரம் பிற்பகல் 2 மணிக்கு மேல் கூட்டம் வைக்கலாம். உங்களுக்குத் தோதான இரண்டு நேரங்களை எழுதுங்கள். 22 வியாழன் மாலைக்குள் உறுதி செய்கிறேன்."

அலுவலகம் மூடியிருக்கும் நாட்களைச் சொன்னது இந்த மடலில் முக்கியமான இடம். பொங்கலுக்கு மாற்று ஆளும் ஊருக்குப் போயிருப்பார். அதைச் சொல்லாமல் முகவரி மட்டும் கொடுத்தால், அங்கிருந்தும் பதில் வராமல் அனுப்பியவர் அலைக்கழிவார். தனி ஆளின் முகவரியைவிடப் பிரிவின் பொது முகவரியைத் தருவதற்கும் இதே காரணம்தான். ஒருவர் வராவிட்டாலும் இன்னொருவர் பார்ப்பார். ஆனால் அந்தப் பிரிவினரிடம் முன்கூட்டியே கேட்டு, நிலுவையில் உள்ள பில்களை ஒப்படைத்திருக்க வேண்டும்.

அவர் வேலைக்குத் திரும்புவது 21 புதன். கூட்டத்துக்கு 23-ஐச் சொன்னது ஏன்? குவிந்து கிடக்கும் மடல்களைப் படித்து, கணக்குப் பிரிவு என்ன செய்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இரண்டு நாட்களாவது வேண்டும். அது தெரியாமல் விலை பேச உட்கார்ந்தால் பாதிக் கேள்விகளுக்கு "பார்த்துச் சொல்கிறேன்" என்றுதான் சொல்ல வேண்டிவரும். 26 திங்கள் குடியரசு தின விடுமுறை. ஜெர்மனிக்காரருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் 27 என்று நாமே சொல்லிவிடுவது நல்லது. பிற்பகல் 2 மணி என்பது ஜனவரியில் அவருக்குக் காலை 9.30, "இந்திய நேரம்" என்ற சொல் இல்லாவிட்டால் அவர் தன் நேரத்தில் 2 மணி என்று குறித்துக்கொள்வார்.

ஜிமெயிலில் இதை அமைக்கும் இடத்துக்கு Vacation responder என்று பெயர். தொடங்கும் நாளின் நள்ளிரவு 12 மணிக்கு அது வேலையைத் தொடங்கி, கடைசி நாளின் இரவு 11.59-க்கு நிற்கும். கடைசி நாளைக் குறிக்காவிட்டால் நாமாக நிறுத்தும்வரை ஓடும். வேலைக்கு வந்த பிறகும் விடுப்பில் இருப்பதாகப் பதில் போய்க்கொண்டிருக்கும். ஒரே ஆள் திரும்பத் திரும்ப எழுதினால், நான்கு நாள் கழித்துத்தான் அவருக்கு மறுபடி பதில் போகும். ஆகவே 13-ஆம் தேதி பதில் பெற்றவர் 15-இல் எழுதினால் அவருக்கு ஒன்றும் வராது. சொல்ல வேண்டியது எல்லாம் முதல் பதிலிலேயே இருக்க வேண்டும்.

இந்தப் பதில் கூட்ட அழைப்புகளைத் தடுக்காது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அழைப்பு நாட்காட்டிக்குப் போகிறது. அலுவலகக் கணக்கின் கூகுள் நாட்காட்டியில் Out of office என்று அந்த நாட்களைத் தனியாகக் குறித்தால், இடையில் வரும் அழைப்புகளைத் தானாகவே மறுக்கும்படி அமைக்கலாம். 21, 22 இரண்டையும் வேறு யாரும் பிடித்துக்கொள்ளாதபடி அப்போதே அடைத்துவிடலாம்.

அவுட்லுக்கில் அலுவலகத்தினருக்கு ஒரு பதில், வெளியாருக்கு வேறொரு பதில் என்று வைக்க முடியும். கைபேசி எண்ணை அலுவலகத்தினருக்கான பதிலில் மட்டும் சேர்ப்பதே சரி. வெளிப் பதில், விளம்பர மடல் அனுப்பும் முன்பின் தெரியாதவருக்கும் போய்ச் சேரும். மேலாளர் ஊரில் இல்லை என்று சொல்லிக் கணக்குப் பிரிவிடம் பணம் பறிக்கப் பார்ப்பவருக்கு அதில் உள்ள தேதியும் பெயரும் எண்ணுமே போதும்.

புறப்படும் முன் அமைப்பை ஒரு நிமிடம் இயக்கி, சொந்த முகவரியிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒரு மடல் அனுப்பிப் பார்க்கலாம். வரும் பதிலில் கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா, கொடுத்த முகவரிகளுக்கு மடல் போய்ச் சேருகிறதா என்று பார்த்த பிறகு, தொடங்கும் நாளை மறுபடி 13 என்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.