லாரியில் இருக்கும் சரக்கு எந்தக் குடோன் கணக்கில்?

ஒரு கிரைண்டர் வியாபாரிக்குக் கோவையில் ஒரு குடோன், மதுரையில் ஒரு குடோன் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை 31 மாலை கோவையில் நூறு கிரைண்டரை லாரியில் ஏற்றுகிறார்கள். மதுரையில் இறக்குவது மறுநாள் காலை. கோவை கிளார்க் ஏற்றியதுமே ஸ்டாக்கில் கழித்துவிட்டார். மதுரை கிளார்க் இறக்கி எண்ணிய பிறகுதான் வரவு வைப்பார். இருவர் செய்ததும் சரிதான். ஆனால் அன்றிரவு மாதக் கணக்கை முடித்தால் கோவையில் 200, மதுரையில் 50. ரோட்டில் போகும் நூறு எங்கேயும் இல்லை.

ஒன்றின் அடக்கம் 4,000 ரூபாய் என்றால் 4 லட்சம் ரூபாய்ச் சரக்கைக் காணோம். இறுதிச் சரக்கு குறைந்தால் லாபமும் அந்த அளவு குறையும். ஜூலை படுத்துவிடும், ஆகஸ்ட் காரணமில்லாமல் கொழிக்கும். சலானைப் பார்த்ததுமே மதுரையில் வரவு வைத்து, கோவையில் கழிக்க மறந்தால் இதே பிழை தலைகீழாக வரும்.

இதற்கு வழி, கணக்கில் மூன்றாவதாக 'வழியில் உள்ள சரக்கு' என்று ஒரு குடோனைத் திறப்பது. டேலியில் ஸ்டாக் ஜர்னலை இரண்டு தடவை போட வேண்டும்: லாரி கிளம்பும்போது கோவையிலிருந்து 'வழியில்', இறக்கியதும் 'வழியில்' இருந்து மதுரைக்கு.

ஒரே மாநிலம், ஒரே ஜிஎஸ்டி எண் என்றால் இது விற்பனை அல்ல. வரி கிடையாது, டெலிவரி சலான் போதும். மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தைத் தாண்டுவதால் ஈ-வே பில் மட்டும் வேண்டும். மதுரைக்குப் பதில் கொச்சி என்றால் கதை வேறு: அங்கே தனி ஜிஎஸ்டி எண், வரியோடு பில் போட்டே அனுப்ப வேண்டும்.

அடுத்தது வாடகை. லாரிக்கு 6,000, ஏற்றுகூலி இறக்குகூலி 1,000. சரக்கை விற்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் செலவு அடக்கத்தில் சேரும். ஆக மதுரையில் ஒரு கிரைண்டர் 4,070. ஆகஸ்டில் அந்த நூறில் 60 விற்றால் 4,200 ரூபாய்தான் அந்த மாதச் செலவு. மிச்சம் 2,800 ஸ்டாக்கிலேயே நிற்கும். பலர் 7,000-ஐயும் மொத்தமாகச் செலவில் எழுதிவிடுகிறார்கள். அது சுலபம், ஆனால் விற்காத சரக்கின் சுமையையும் அந்த மாதமே தூக்குகிறது. அதேசமயம், விற்காமல் கோவைக்கே திரும்பி வரும் கிரைண்டருக்குப் போன வாடகை, வந்த வாடகை இரண்டையும் அடக்கத்தில் ஏற்றக் கூடாது. அந்த அலைச்சலால் சரக்கின் மதிப்பு கூடவில்லை. அது வெறும் செலவு.

மதுரையில் இறக்கியபோது 98 நன்றாக இருக்கிறது, இரண்டு உடைந்துபோயின என்றால், 98-ஐ மட்டும் வரவு வைத்துவிட்டு நிறுத்தக் கூடாது. அந்த இரண்டையும் 'வழியில்' இருந்து எடுத்துச் சேதக் கணக்குக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அவை மாதக்கணக்கில் ரோட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் 'வழியில்' பட்டியலைத் திறந்து, பழைய தேதியிட்ட சலான் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாலே இது பிடிபட்டுவிடும்.