ரெக்கார்ட் ஆன கோப்பில் குரல் மட்டும் இல்லை

கால் ரெக்கார்டிங் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில், ரெக்கார்ட் பொத்தானே திரையில் இல்லை. இன்னொன்றில், பதிவு நடந்ததாகக் கோப்பு இருக்கிறது, நேரமும் பத்து நிமிடம் என்று காட்டுகிறது, ஆனால் போட்டுக் கேட்டால் சத்தமே இல்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பொத்தான் இல்லாமல் போவது பெரும்பாலும் நாட்டைப் பொறுத்தது. மறுமுனையில் இருப்பவரின் சம்மதமின்றிப் பேச்சைப் பதிவது ஜெர்மனியில் குற்றம். அமெரிக்காவில் மத்தியச் சட்டத்துக்குப் பேசுபவர்களில் ஒருவரின் சம்மதம் போதும், கலிபோர்னியா மாநிலச் சட்டமோ எல்லோருடைய சம்மதத்தையும் கேட்கிறது. இந்தச் சிக்கலுக்குள் போக விரும்பாத நிறுவனங்கள் வசதியை நாடுவாரியாகத் திறந்தும் மூடியும் வைக்கின்றன. ஐபோனில் 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1 உடன் ரெக்கார்டிங் வந்தபோது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு அது தரப்படவில்லை.

சாம்சங் போனில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். Settings, About phone, Software information என்று போனால் Service provider software version என்ற நீண்ட வரி வரும். அதில் INS என்று இருந்தால் அது இந்தியாவுக்கான மென்பொருள். EUX என்று இருந்தால் ஐரோப்பாவுக்கானது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வந்த போனில் ரெக்கார்ட் பொத்தான் இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். போன் பழுது என்று கடைக்குக் கொண்டுபோவது வீண் அலைச்சல்.

பொத்தான் இல்லாதவர்கள் பிளே ஸ்டோரில் ஒரு ரெக்கார்டர் செயலியை இறக்குகிறார்கள். சத்தமில்லாத கோப்பு என்ற இரண்டாவது புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

அழைப்பில் இரண்டு குரல்கள் இரண்டு வழியாகப் போகின்றன. போன் வைத்திருப்பவரின் குரல் மைக் வழியே உள்ளே நுழைகிறது. மறுமுனைக் குரல் வலையமைப்பிலிருந்து நேராகக் காதோரத்து ஸ்பீக்கருக்குப் போகிறது, மைக்கைத் தொடுவதே இல்லை. இரண்டையும் போனுக்குள்ளேயே சேர்த்துப் பிடிக்க CAPTURE_AUDIO_OUTPUT என்ற அனுமதி வேண்டும். அது போனோடு வரும் சிஸ்டம் செயலிகளுக்கு மட்டுமே உரியது. வெளியிலிருந்து இறக்கிய செயலிக்கு எத்தனை முறை Allow அழுத்தினாலும் அது கிடைக்காது.

மைக்கையாவது அந்தச் செயலி பயன்படுத்தலாமே என்றால், 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 அதற்கும் விதி வைத்தது. அழைப்பு நடக்கும்போது மைக் அழைப்புக்கே சொந்தம். அதே நேரத்தில் வேறு சாதாரணச் செயலி மைக்கைக் கேட்டால் சிஸ்டம் மறுப்பதில்லை, பிழைச் செய்தியும் காட்டுவதில்லை. குரலுக்குப் பதிலாக வெறும் பூஜ்ஜியங்களை அனுப்புகிறது. செயலி அதை ஒலி என்றே நம்பி பத்து நிமிடமும் எழுதிக்கொண்டிருக்கும். மறுத்துவிட்டிருந்தால் பயனருக்கு அப்போதே தெரிந்திருக்கும்; இங்கே கோப்பைத் திறக்கும்வரை எதுவும் தெரியாது.

இந்த விதியில் ஒரு விலக்கு உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் அக்சசிபிலிட்டி சேவைகள் அழைப்பின்போதும் மைக்கைக் கேட்கலாம். ரெக்கார்டர் செயலிகள் பல அந்த வழியில் நுழைந்தன. அழைப்புகளைப் பதிய அந்தச் சேவையைப் பயன்படுத்தக் கூடாது என்ற கூகுளின் பிளே ஸ்டோர் விதி 2022 மே 11 முதல் நடைமுறைக்கு வந்தது. ட்ரூகாலரும் அப்போது தன் ரெக்கார்டிங் வசதியை நிறுத்தியது.

கோப்பில் என்ன நடந்தது என்பதை ஒலி அலையைக் காட்டும் ஏதாவது ஒரு செயலியில் திறந்து பார்த்தால் ஊகிக்கலாம். ஆளில்லாத அறையில் பதிந்தாலும் மைக்கில் லேசான இரைச்சல் விழும். அலை சற்று நடுங்கியபடி இருக்கும். தொடக்கம் முதல் கடைசிவரை கோடு போட்டதுபோல் தட்டையாக இருந்தால், செயலிக்கு வந்தது பூஜ்ஜியம்தான். அப்போது அழைப்பு இல்லாத நேரத்தில் போனின் வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பார்க்க வேண்டும். அது சரியாகப் பதிந்தால் மைக்கில் குறையில்லை, தடுத்தது சிஸ்டம். அங்கும் தட்டைக்கோடே வந்தால், ஆண்ட்ராய்டு 12 முதல் மேலிருந்து இழுக்கும் பலகத்தில் இருக்கும் Mic access அணைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதை அணைத்தாலும் செயலிகளுக்கு மௌனமே போகும்.

தன் குரல் தெளிவாகவும் மறுமுனைக் குரல் இல்லாமலும் இருந்தால், செயலிக்கு மைக் மட்டும் கிடைத்திருக்கிறது என்று பொருள். ப்ளூடூத் இயர்போனில் பேசியிருந்தால் மறுமுனைக் குரல் காற்றில் வரவே வாய்ப்பில்லை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினால் ஓரளவு பதியும். ஆனால் எதிரொலி வராமல் இருக்க, ஸ்பீக்கரிலிருந்து மைக்கில் விழும் சத்தத்தைக் கழிக்கும் ஏற்பாடு போனிலேயே இருக்கிறது. அதனால் மறுமுனைப் பேச்சு தேய்ந்தும் விட்டுவிட்டும் கேட்கும். அதற்கு மேல் அந்தச் செயலியால் முடியாது. போனோடு வந்த டயலரில் ரெக்கார்டிங் இருந்தால் அதைப் பயன்படுத்துவதுதான் வழி. கூகுளின் போன் செயலி என்றால், பதிவு தொடங்கியதும் இரு முனைக்கும் கேட்கும்படி அதை அறிவித்துவிடும்.