டிவி லண்டன் போனது, வீடு சென்னையிலேயே இருந்தது

நண்பர் ஒருவருக்கு பிபிசி ஐபிளேயரில் ஓர் ஆவணத்தொடர் பார்க்க ஆசை. அவருடைய எல்ஜி டிவியின் ஆப் கடையில் ஐபிளேயரே இல்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, செட்டிங்ஸில் LG Services Country என்ற இடத்தில் இந்தியாவை எடுத்துவிட்டு பிரிட்டனை வைத்தார். டிவி ஒருமுறை அணைந்து எழுந்தது. விதிமுறைகளுக்கு மறுபடி சம்மதம் கேட்டது. கடைக்குள் போனால் ஐபிளேயர் இருந்தது! இதுவரை பார்த்துவந்த இந்திய ஆப்கள் சிலவற்றைக் காணவில்லை. சரி, போகட்டும் என்று ஐபிளேயரைத் திறந்தார். இது பிரிட்டனில் மட்டுமே இயங்கும் என்று திரையில் வந்து நின்றது.

அந்த செட்டிங் மாற்றுவது கடையை மட்டும்தான். எந்த நாட்டுக்கான ஆப் பட்டியலைக் காட்டுவது, எந்த நாட்டு விதிமுறைகளைக் காட்டுவது என்பதை டிவி கம்பெனியின் சர்வர் அதை வைத்து முடிவு செய்கிறது. ஆப் திறந்த பிறகு டிவி கம்பெனிக்கு அங்கே வேலையில்லை. படத்தைத் தரும் நிறுவனம் பார்ப்பது ஐபி முகவரியை. நம் பிராட்பேண்ட் கம்பெனி நம் இணைப்புக்குக் கொடுத்திருக்கும் எண் அது. எந்தெந்த எண் தொகுதி எந்த நாட்டுக் கம்பெனியிடம் இருக்கிறது என்பதற்குப் பட்டியல்கள் உண்டு. நண்பரின் டிவி தன்னை லண்டன் என்று சொல்லிக்கொண்டாலும், கேட்டு வந்த இணைப்பு சென்னையுடையது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? ஐபிளேயரின் செலவைப் பெரும்பாலும் பிரிட்டன் வீடுகள் கட்டும் டிவி லைசென்ஸ் கட்டணம் சுமக்கிறது. மற்ற இடங்களில் காரணம் உரிமை வியாபாரம். படங்களும் தொடர்களும் நாடுவாரியாக விற்கப்படுகின்றன. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, அதன் சொந்தப் பெருமையான 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' இங்கே அதில் இல்லை. இந்திய உரிமையை அதற்கு முன்பே வேறொருவருக்கு விற்றாகிவிட்டது. தன் வீட்டுப் பிள்ளையைத் தன் வீட்டிலேயே காட்ட முடியாத நிலை.

விபிஎன் போட்டால் ஐபி முகவரியே வேறு நாட்டுடையதாகத் தெரியும். ஆனால் விபிஎன் சர்வர்கள் இருப்பது பெரும்பாலும் தரவு மையங்களில். அந்த எண்கள் வீட்டு இணைப்புகளுடையவை அல்ல என்று கண்டுபிடித்துத் தடுப்பது அந்த நிறுவனங்களுக்குப் பழகிப்போன வேலை. இன்று ஓடுவது நாளைக்கு நிற்கலாம். பல நிறுவனங்களின் விதிகளுக்கும் அது எதிரானது.

சிக்கல் எங்கே என்று பிரித்தறிவது சுலபம். கடையிலேயே ஆப் இல்லையென்றால், டிவியின் நாடு செட்டிங்கையோ மாடலையோ பாருங்கள். ஆப் திறந்து, உங்கள் பகுதியில் கிடைக்காது என்று சொன்னால் டிவியைத் தொட்டுப் பயனில்லை. அதே வைஃபையில் போனிலும் அந்த நிகழ்ச்சியைத் திறந்து பாருங்கள், அதே பதில்தான் வரும்.

அந்த செட்டிங் நிஜமாக உதவும் இடம் வேறு. துபாயிலிருந்து கொண்டுவந்த டிவியைத் திருநெல்வேலியில் மாட்டுகிறீர்கள், நாடு இன்னும் அமீரகம் என்றே இருக்கிறது, இந்திய ஆப் ஒன்று கடையில் இல்லை. இந்தியா என்று மாற்றினால் ஆப் வரும். திறந்தால் ஓடவும் செய்யும், ஏனென்றால் இணைப்பும் இந்தியாவுடையது. மாற்றுவதற்கு முன் பாஸ்வேர்டுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆப்களில் மறுபடி உள்நுழைய வேண்டிவரலாம். எங்கள் நண்பர் பழைய செட்டிங்குக்குத் திரும்பியபோது பாதி சாயங்காலம் அதிலேயே போனது.