கணக்கு சரி, வாசிப்புதான் மெதுவு

நிரல் எழுதும் போட்டிகளில் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. குறித்த நேரத்துக்குள்ளும் வர வேண்டும். போட்டியாளர் அனுப்பும் நிரலை நடுவர் கணினி எடுத்து, மறைத்து வைத்திருக்கும் உள்ளீட்டுக் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து ஓட்டிப் பார்க்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு விநாடிதான் கெடு. அதைத் தாண்டினால் திரையில் Time Limit Exceeded என்று வரும். மாணவர்கள் இதைச் சுருக்கமாக டி.எல்.இ. என்பார்கள்.

டி.எல்.இ. வந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: நம் வழிமுறை மெதுவானது, இன்னும் கெட்டிக்காரத்தனமாக யோசிக்க வேண்டும். பத்தில் எட்டு முறை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நடுவரின் கடிகாரம் கணக்குப் போடும் நேரத்தை மட்டும் தனியாக அளப்பதில்லை. நிரல் எண்களை வாசிக்கும் நேரம், விடைகளை எழுதும் நேரம் எல்லாம் அந்த ஒன்றிரண்டு விநாடிக்குள்தான் அடங்க வேண்டும். கணக்கு கால் விநாடியில் முடிந்து, வாசிப்பும் எழுத்துமே மிச்ச நேரத்தைத் தின்றுவிடுவது அபூர்வமானதல்ல.

இதைச் சோதிப்பதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. போலந்தில் தொடங்கிய SPOJ தளத்தில் INTEST என்ற பெயரில் உள்ள அதை இந்தியாவின் CodeChef தளத்திலும் பார்க்கலாம். n, k என்று இரண்டு எண்கள் தருவார்கள். பிறகு n வரிகளில் n எண்கள். அவற்றில் எத்தனை k-ஆல் மீதியின்றி வகுபடும் என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வழிமுறை தெரியும். சிக்கல் அளவில் இருக்கிறது: n ஒரு கோடி வரை போகலாம், ஒவ்வோர் எண்ணும் நூறு கோடி வரை போகலாம். விநாடிக்கு இரண்டரை மெகாபைட்டாவது வாசிக்க முடிகிறதா என்று பார்ப்பதே தங்கள் நோக்கம் என்று கேள்வி அமைத்தவர்கள் அதிலேயே சொல்லிவிட்டார்கள்.

மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடி வகுத்தல்கள் இன்றைய கணினிக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி வேலை. உள்ளீட்டுக் கோப்பைப் பாருங்கள்: ஒன்பது இலக்கமும் வரி முடிவுக் குறியும் சேர்ந்தால் ஓர் எண்ணுக்குப் பத்து எழுத்து. ஒரு கோடி எண்ணுக்குப் பத்துக் கோடி எழுத்து, அதாவது நூறு மெகாபைட். அந்த எழுத்துகள் ஒவ்வொன்றையும் தொட்டு, இலக்கமா என்று பார்த்து, எண்ணாகச் சேர்க்க வேண்டும். உண்மையான உழைப்பு இங்கேதான் போகிறது.

போட்டிகளில் அதிகம் புழங்கும் சி பிளஸ் பிளஸ் மொழியில் வாசிக்க `cin`, எழுத `cout`. பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே வருபவை இவை. மாற்றாமல் அப்படியே பயன்படுத்தினால் இவை மெதுவாக ஓடுவதற்குச் சரித்திரக் காரணம் ஒன்று உண்டு. சி பிளஸ் பிளஸ் பழைய சி மொழியின் மேல் எழுந்தது. சி-க்கு `scanf`, `printf` என்று தனி வாசல்கள் இருந்தன. ஒரே நிரலில் இரண்டு வகையையும் கலந்து எழுதினாலும் வரிசை குலையக் கூடாது என்பதற்காக, `cin` தனக்கென்று எதையும் முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளாமல், சி நூலகத்திடம் ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று கேட்டுக் கேட்டு வாங்கும்படி அமைத்தார்கள். பரவலாகப் பயன்படும் ஜி.சி.சி. கம்பைலரில் இன்றும் இதுதான் இயல்பு நிலை. நம் நூறு மெகாபைட் கோப்புக்குப் பத்துக் கோடி முறை கேட்க வேண்டியிருக்கும். மளிகைக் கடைக்குப் பட்டியலோடு ஒருமுறை போகாமல், ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக நடப்பது மாதிரி.

எழுதும் பக்கத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. பெரும்பாலோர் பாதி மட்டும் சரிசெய்து ஏமாறுவதும் இங்கேதான். ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். ஓர் எண் வரிசை தரப்படுகிறது. பிறகு பத்து லட்சம் வினாக்கள்: இத்தனையாவது எண்ணிலிருந்து இத்தனையாவது எண் வரை கூட்டுத்தொகை என்ன? முதலிலேயே ஒவ்வோர் இடம் வரைக்குமான மொத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டால், பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் ஒரே ஒரு கழித்தல் போதும். இதைவிட நல்ல வழிமுறை தேவையே இல்லை. மாணவர் இப்படி எழுதுகிறார்:

```cpp
while (q--) {
    int a, b;
    cin >> a >> b;
    cout << p[b] - p[a-1] << endl;
}
```

டி.எல்.இ. வருகிறது. விசாரித்தால் யாரோ சொல்கிறார்கள், `endl` வேண்டாம், `'\n'` போடு என்று. காரணம் சரியானதுதான். `endl` புதிய வரிக்குப் போவதோடு நிற்பதில்லை. இதுவரை சேர்த்து வைத்ததை இப்போதே வெளியே தள்ளு என்ற கட்டளையும் அதற்குள் இருக்கிறது. தள்ளும் ஒவ்வொரு முறையும் நிரல் தன் வேலையை நிறுத்தி, இயங்குதளத்தை அழைத்து, அது எழுதி முடித்த பிறகே திரும்ப வேண்டும். ஓர் அழைப்புக்கு ஒரு மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொண்டாலும் பத்து லட்சம் அழைப்புக்கு ஒரு முழு விநாடி போய்விடும். நடுவர் கணினிகளில் பாதுகாப்புக்காக இத்தகைய அழைப்புகளைக் கண்காணிப்பதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வோர் அழைப்பும் இன்னும் விலை கூடும்.

மாணவர் `'\n'` என்று மாற்றி மறுபடி அனுப்புகிறார். மறுபடியும் டி.எல்.இ.! `endl` தான் காரணம் என்ற பேச்சே பொய் என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். பொய் இல்லை. `cin`-உம் `cout`-உம் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. "உங்கள் பெயர் என்ன?" என்று நிரல் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது, அந்தக் கேள்வி திரையில் தெரிந்திருக்க வேண்டாமா? அதற்காக `cin` வாசிக்கத் தொடங்கும்போதெல்லாம் `cout` தன்னிடம் இருப்பதை வெளியே தள்ளிவிடும்படி ஏற்பாடு. ஆளோடு உரையாடும் நிரலுக்கு நல்ல ஏற்பாடுதான். நம் சுழற்சியிலோ ஒரு வாசிப்பு, ஓர் எழுத்து, ஒரு வாசிப்பு, ஓர் எழுத்து என்று மாறி மாறி வருவதால், `endl` போனாலும் அதே பத்து லட்சம் தள்ளல்கள் நடந்துகொண்டுதான் இருக்கும். கட்டை அவிழ்த்துவிட்டு `endl`-ஐ வைத்துக்கொண்டாலும் பயனில்லை. இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும்.

`main` தொடங்கியதும் இந்த இரண்டு வரிகள்:

```cpp
ios::sync_with_stdio(false);
cin.tie(nullptr);
```

முதல் வரி சி நூலகத்தோடு இருந்த உடன்பாட்டை முறிக்கிறது. `cin` இனி உள்ளீட்டை மொத்தமாக எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு வாசிக்கும். இரண்டாவது வரி கட்டை அவிழ்க்கிறது. `endl` இருந்த இடத்தில் `'\n'`. வழிமுறையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விடைகள் எட்டு கிலோபைட் சேர்ந்த பிறகே வெளியே போகும். ஒரு விடைக்குப் பத்து எழுத்து என்றால் பத்து லட்சம் அழைப்புகள் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சமாகக் குறையும்.

பைத்தானிலும் ஜாவாவிலும் கதை இதேதான், பாத்திரங்களின் பெயர்தான் வேறு. பைத்தானின் `input()` ஆளிடம் கேட்பதற்கென்று அமைந்தது. லட்சக்கணக்கான வரிகளுக்கு `sys.stdin.readline` நல்லது. ஜாவாவில் `Scanner` ஒவ்வோர் எண்ணையும் பிரிக்க வடிவப் பொருத்தம் என்ற கனமான வேலையைச் செய்கிறது. அதற்குப் பதில் `BufferedReader`. பைத்தானில் ஒரு பள்ளம் மட்டும் உண்டு. முழுக் கோப்பையும் `sys.stdin.buffer.read().split()` என்று ஒரே மூச்சில் விழுங்குவது வேகமானதுதான், ஆனால் துண்டாக்கிய ஒவ்வோர் எண்ணும் நினைவகத்தில் ஐம்பது பைட்டுக்கு மேல் பிடிக்கும். INTEST போல ஒரு கோடி எண் என்றால் 500 மெகாபைட்டைத் தாண்டும். பல போட்டிகளில் அனுமதி 256 மெகாபைட். நேரத்தில் தப்பித்து நினைவகத்தில் மாட்டிக்கொள்வோம்.

சரி, குற்றம் வாசிப்பிலா வழிமுறையிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விசைப்பலகையில் நாலு எண்ணைத் தட்டிப் பார்த்தால் ஒருநாளும் தெரியாது. எந்த நிரலும் அதற்குச் சட்டென்று விடை சொல்லும். கேள்வி அனுமதிக்கும் உச்ச அளவில் ஓர் உள்ளீட்டுக் கோப்பை உண்டாக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸில் இப்படி ஓட்டுங்கள்:

```
time ./a.out < periya.txt > vidai.txt
```

விடையைத் திரைக்கு விடாமல் கோப்புக்கு அனுப்புவது முக்கியம். திரையில் உருளும் வரிகளே நேரத்தைக் கூட்டிக் காட்டி நம்மைத் திசைதிருப்பிவிடும். வரும் எண்களில் `user` என்பது நிரல் தானே செலவிட்ட நேரம், `sys` என்பது அதற்காக இயங்குதளம் செலவிட்டது. `sys` வழக்கத்துக்கு மாறாகப் பெருத்திருந்தால் அடிக்கடி வெளியே தள்ளுகிறீர்கள் என்று பொருள். `strace -c ./a.out < periya.txt > vidai.txt` என்று ஓட்டினால் `write` எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற எண்ணிக்கையே வந்துவிடும். வாசிப்புதான் மெதுவா என்று அறிய இன்னும் எளிய வழி, கணக்கை எல்லாம் நீக்கிவிட்டு எண்களை வாசிக்க மட்டும் செய்யும் ஒரு நிரலை அதே கோப்பில் ஓட்டுவது. அதுவே கெடுவில் பாதியைத் தின்றால், வழிமுறையைத் தொடுவதற்கு முன் வாசிப்பைச் சரிசெய்ய வேண்டும்.

இந்த வைத்தியம் எல்லா நோய்க்கும் ஆகாது. உள்ளீட்டில் ஆயிரம் எண்தான், விடை ஒரே வரிதான் என்றால் வாசிப்பின் மீது பழி போடுவதில் அர்த்தமில்லை. ஒரு லட்சம் எண்ணை ஒவ்வொன்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிடும் நிரல் ஆயிரம் கோடி ஒப்பீடு செய்கிறது. எந்த இரண்டு வரியும் அதைக் காப்பாற்றாது. முதல் வரியைப் போட்ட பிறகு `cin`-ஓடு `scanf`-ஐக் கலந்தால் எண்கள் இடம் மாறி வாசிக்கப்பட்டு, டி.எல்.இ. போய்த் தவறான விடை வந்து சேரும். `getchar_unlocked` என்று இன்னும் வேகமான வழியைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது விண்டோஸில் கிடையாது; விண்டோஸில் ஓடும் நடுவரிடம் அனுப்பினால் நிரல் கம்பைல்கூட ஆகாது.

நடுவரோடு நிரல் உரையாட வேண்டிய கேள்விகளும் போட்டிகளில் வருவதுண்டு: நீங்கள் ஓர் எண்ணைக் கேட்பீர்கள், அது கூடவா குறையவா என்று சொல்லும், பிறகு அடுத்த எண்ணைக் கேட்பீர்கள். அங்கே விடையைச் சேர்த்து வைத்துக்கொண்டால் இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்தே நேரம் முடிந்துவிடும். ஆகவே மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த இரண்டு வரிகளைப் பழக்கமாகவே எழுதிவிடுங்கள். கேள்வியில் interactive என்ற சொல்லைக் கண்டால் மட்டும் ஒவ்வொரு வரி எழுதியதும் மறக்காமல் `cout.flush()` போடுங்கள்.