சாட்டை அழித்தால் வங்கி விவரம் போய்விடுமா?

என் அண்ணியின் போன் பாதி நேரம் பள்ளிக்கூடம் போகும் மகன் கையில்தான் இருக்கும். அந்தப் பயத்தில், வாட்ஸ்அப்பில் பணம் அனுப்பிய சாட்களை எல்லாம் ஒருநாள் அழித்துவிட்டார். "பேங்க் விவரம் எல்லாம் போயிருக்கும்ல தம்பி?" என்று கேட்டார். மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு `Payments` பகுதியைத் திறந்து காட்டினேன். வங்கிக் கணக்கு அப்படியே இருந்தது. அவர் அனுப்பிய தொகைகளும் வரிசையாக இருந்தன. சாட்டில் அழிக்கும்போது மறைவது அந்தச் செய்தி மட்டும்தான்.

நம் நாட்டில் வாட்ஸ்அப் வழியாக ஒருவருக்குப் பணம் அனுப்புவது யூபிஐ முறையில். இதில் பணத்தைப் போட்டு வைக்கும் வாலட் கிடையாது. பணம் உங்கள் வங்கியிலிருந்து நேராக எதிராளியின் வங்கிக்குப் போகிறது. டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களைக் கேட்பது யூபிஐ பின் அமைப்பதற்காக. ஆகவே நாம் நீக்க வேண்டியது, வங்கிக் கணக்குக்கும் ஆப்புக்கும் உள்ள இணைப்பை. `Payments` பகுதியில் கணக்கின் பெயரைத் தொட்டு `Remove bank account` கொடுத்தால் அது அறுந்துவிடும். வங்கிக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது. அதே கணக்கை வேறு யூபிஐ ஆப்பிலும் இணைத்திருந்தால் அங்கே தனியாக நீக்க வேண்டும். பின் எண் கணக்குக்கு உரியது என்பதால், அந்த ஆப்பில் பழைய பின்னே வேலை செய்யும்.

அவசரப்பட்டு நீக்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அண்ணி வாடகைக்கு அனுப்பிய 4,500 ரூபாய் அவர் கணக்கில் கழிந்தும் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, இப்படி ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் பணம் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் அனுப்பியவர் கணக்குக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். வங்கியில் புகார் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க யூபிஐ எண்ணை. `Payments` பட்டியலில் அந்த வரியைத் தொட்டால் எண் தெரியும். எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் கணக்கை நீக்கச் சொன்னேன்.

ஆப்பில் எதை நீக்கினாலும் வங்கி அறிக்கையில் அந்த 4,500 ரூபாய் இருக்கும். பணப் பரிமாற்றப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று பணமோசடித் தடுப்புச் சட்டம் வங்கிகளுக்கு விதித்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு செலவை அழித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழி உதவாது.

போன் நம்பரை மாற்றப் போகிறீர்களா? பழைய சிம் கையில் இருக்கும்போதே வாட்ஸ்அப்பில் கணக்கை நீக்கிவிட்டு, வங்கிக்குப் போய்ப் புது நம்பரைப் பதிந்துவிடுங்கள். கைவிட்ட நம்பர் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும்.