பட்டை நிறைந்தால் வேலை முடிந்ததா?

வீடு கட்டுபவர்களிடம் பொறியாளர் ஒரு தாளைக் காட்டுவார். இடப்பக்கம் வேலைகளின் பெயர்கள், மேலே நாட்கள், நடுவே நீளமும் குட்டையுமாகப் படுக்கைப் பட்டைகள். இதுதான் கேன்ட் சார்ட். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கேன்ட் 1910களில் பரவலாக்கிய முறை என்பதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பட்டை தொடங்கும் இடம் வேலை தொடங்கும் நாள், முடியும் இடம் முடியும் நாள். முடிந்த அளவுக்குப் பட்டைக்குள் அடர்நிறம் பூசுவார்கள். பட்டைகளை இணைக்கும் அம்புக்குறிகள், எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று சொல்லும்.

நம் கண் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

லிண்டல் வரை எழும்பிய 1000 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுத்து தளம் போட வேண்டும். சென்ட்ரிங் பலகை அடிக்க 1 முதல் 5ஆம் நாள் வரை. கம்பி கட்ட 6 முதல் 9 வரை. 10ஆம் நாள் எலக்ட்ரீஷியன் வந்து தளத்துக்குள் போகும் மின்குழாய்களைப் பதிக்க வேண்டும். 11ஆம் நாள் கான்கிரீட். ஹால் 16 அடி அகலம், அதாவது ஏறக்குறைய 4.9 மீட்டர். தளத்தின் இடைவெளி 4.5 மீட்டரைத் தாண்டினால் முட்டுகளைக் குறைந்தது 14 நாள் விட்டுவைக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456. ஆகவே முட்டுப் பிரிப்பு 26, 27ஆம் நாட்களில். உள்பூச்சு 28ஆம் நாள் தொடக்கம். இதே நேரத்தில் பின்புறம் செப்டிக் டேங்க் வேலை 1 முதல் 10ஆம் நாள் வரை நடக்கிறது.

எட்டாம் நாள் மாலை தாளைப் பார்க்கிறோம். செப்டிக் டேங்க் பட்டை முழுவதும் அடர்நிறம். இரண்டு நாள் முன்கூட்டியே முடிந்துவிட்டது. சென்ட்ரிங் பட்டையில் பாதிக்கு மேல் நிறம் ஏறியிருக்கிறது. பலகை வந்து சேர நாளானதால் 600 சதுர அடிக்குத்தான் அடித்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கு மனம் நிறைந்துபோகும்.

இப்போது எட்டாம் நாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கும் பட்டையெல்லாம் இந்நேரம் நிறைந்திருக்க வேண்டும். சென்ட்ரிங் மூன்று நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். கம்பி வேலையில் முக்கால் பங்கு ஆகியிருக்க வேண்டும். மீதிப் பலகைக்கு இன்னும் இரண்டு நாள். அது 10ஆம் நாள் முடிந்தால் கம்பி 11இல் தொடங்கும், கான்கிரீட் 16க்குப் போகும், முட்டுப் பிரிப்பு 31க்கு, பூச்சு 33க்கு. ஐந்து நாள் தாமதம் அம்பு வழியே அப்படியே கீழே இறங்குகிறது. செப்டிக் டேங்க்கிலிருந்து தளத்துக்கு அம்பே கிடையாது. அங்கே மிச்சமான இரண்டு நாள் இங்கே ஒரு மணி நேரத்தைக்கூட மீட்டுத் தராது.

நிறத்தை எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதும் முக்கியம். ஐந்து நாள் வேலையில் நான்கு நாள் ஓடிவிட்டது, அதனால் 80 சதவீதம் என்று பூசுவது ஏமாற்றும். கொடுத்த பணத்தை வைத்துப் பூசினாலும் அப்படியே. பலகை என்றால் அடித்த சதுர அடி, பூச்சு என்றால் பூசிய பரப்பு என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ‘முக்கால்வாசி ஆயிடுச்சு சார்’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பட்டையை நிரப்பக் கூடாது.

இழந்த ஐந்து நாளை எங்கே மீட்பது? கூடுதலாகக் கம்பி கட்டும் ஆட்களை இறக்கி நான்கு நாள் வேலையை இரண்டாக்கலாம். பூச்சுக்கு இன்னொரு கொத்தனார் குழுவை விடலாம். கான்கிரீட்டுக்கும் முட்டுப் பிரிப்புக்கும் இடையே உள்ள அம்பில் எழுதியிருக்கும் 14 நாளை மட்டும் தொடவே கூடாது. அங்கே ஆள் வேலை செய்யவில்லை, சிமென்ட் இறுகிக்கொண்டிருக்கிறது. எத்தனை பேரை இறக்கினாலும் அது விரையாது. இன்று வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்கும் பி.பி.சி. சிமென்ட் தொடக்கத்தில் மெதுவாகவே வலுப்பெறும் என்பதால், பொறியாளர் கூடுதல் நாட்களும் கேட்கலாம். தாமதத்தை ஈடுகட்ட முட்டை முன்கூட்டி உருவினால் தளம் தொய்யும், விரிசல் விடும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் வீட்டுக்குத் தளம் போடும் அன்று, முட்டுப் பிரிக்கும் தேதியைப் பொறியாளரிடம் கேட்டு, மேஸ்திரி கண்ணில் படும்படி சுவரில் சுண்ணாம்பால் எழுதிவையுங்கள்.